லிங்க் அனுப்பலாமா, நேரத்தை எழுதிக் கேட்கலாமா?

கேள்வி: கோவையில் தனியாக வெப்சைட் டிசைன் வேலை செய்கிறேன். கிளையன்ட்டிடம் பேச நேரம் கேட்கும்போது எல்லோருக்கும் ஒரே புக்கிங் லிங்க்தான் அனுப்புகிறேன். லண்டனில் இருக்கும் ஒருவர் ஐந்தே நிமிடத்தில் புக் செய்துவிட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி உரிமையாளர் பத்து நாளாகியும் லிங்க்கைத் திறக்கவே இல்லை. யாருக்கு லிங்க், யாருக்கு நேரத்தை எழுதிக் கேட்பது? எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?

பதில்: பேச வேண்டும் என்று முதலில் கேட்டது யார் என்று பாருங்கள். லண்டன்காரர் உங்களைத் தேடி வந்தவராக இருந்தால், அவருக்கு லிங்க் ஒரு வசதி. உங்கள் நேரம் முழுவதும் அவர் கண்முன் விரிகிறது, தனக்குத் தோதானதை எடுத்துக்கொள்கிறார். திருப்பூர்க்காரரிடம் வேலை கேட்டுப் போவது நீங்கள். அவரிடம் லிங்க் போனால், நாம் செய்ய வேண்டிய வேலையை அவர் தலையில் கட்டியதுபோல் ஆகிவிடுகிறது. திறக்க வேண்டும், தேதியைத் தேட வேண்டும், பெயரும் மின்னஞ்சலும் அடிக்க வேண்டும். நாள் முழுக்க வாட்ஸ்அப்பிலேயே தொழில் நடத்துபவருக்கு மின்னஞ்சல் கட்டமே ஒரு தடைதான். கேட்பவர் நீங்கள் என்றால் நேரத்தை எழுதிக் கேளுங்கள். கேட்பவர் அவர் என்றால் லிங்க் கொடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. இருவரும் வேறு வேறு நாட்டில் இருந்து, இரண்டு முறை நேரம் மாற்றியும் ஒத்துவரவில்லை என்றால், கேட்டது யாராக இருந்தாலும் லிங்க்குக்கு மாறிவிடுங்கள். லண்டனுக்கும் நமக்கும் கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம். அந்த மாற்றத்தை ஒட்டிய வாரங்களில் கையால் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரம் தவறுவது சுலபம். லிங்க் அவரவர் ஊர் நேரத்தில் காட்டிவிடும்.

நேரத்தை எழுதிக் கேட்கும்போது

இரண்டு அல்லது மூன்று நேரம் போதும். ஒன்றே ஒன்று கொடுத்தால் நாம் முடிவு செய்துவிட்டுச் சொல்வதுபோல் தெரியும். ஐந்தாறு கொடுத்தால் அவர் டைரியை எடுத்து உட்கார வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். நாட்கள் வேறாகவும், ஒன்று முற்பகல், ஒன்று பிற்பகல் என்றும் இருக்கட்டும். 'அடுத்த செவ்வாய்' என்று எழுதாதீர்கள். வருகிற செவ்வாயா, அதற்கடுத்த செவ்வாயா என்று குழப்பம் வரும். கிழமையோடு தேதியையும் போடுங்கள். தொழில் செய்பவர்களில் சிலர் முதல் சந்திப்பை ராகு காலத்தில் வைக்க மாட்டார்கள். செவ்வாய் 3 முதல் 4.30, வியாழன் 1.30 முதல் 3, வெள்ளி 10.30 முதல் 12 ஆகிய நேரங்களைத் தவிர்த்துக் கொடுத்தால் ஒரு சுற்றுப் பேச்சு மிச்சமாகும். திருப்பூர்க்காரருக்கு இப்படி எழுதலாம்:

> வணக்கம் சார். உங்கள் கம்பெனி வெப்சைட் பற்றி இருபது நிமிடம் போனில் பேச வேண்டும். 11-ம் தேதி செவ்வாய் காலை 11 மணி, அல்லது 13-ம் தேதி வியாழன் மாலை 4 மணி, இதில் எது உங்களுக்குத் தோது? இரண்டும் சரிப்படாவிட்டால் உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், நான் மாற்றிக்கொள்கிறேன். நானே கூப்பிடுகிறேன்.

இதற்கு 'செவ்வாய் 11' என்று இரண்டே சொல்லில் பதில் போட முடியும். செய்தி சரியாக எழுதப்பட்டதா என்பதற்கு அதுதான் அளவுகோல். பதில் வந்ததும், 'நன்றி சார், செவ்வாய் 11-ம் தேதி காலை 11 மணிக்குக் கூப்பிடுகிறேன்' என்று உடனே உறுதி செய்யுங்கள்.

இந்த முறையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. இவருக்கு இரண்டு நேரத்தைச் சொல்லிவிட்டுக் காலண்டரில் குறிக்காமல் விடுகிறோம். அவர் யோசிக்கும் இடைவெளியில், லிங்க் வைத்திருக்கும் இன்னொருவர் அதே செவ்வாய் 11 மணியை எடுத்துவிடுகிறார். செய்தி அனுப்பும் முன்பே இரண்டு நேரத்தையும் காலண்டரில் போட்டு `Busy` என்று வையுங்கள். ஒன்று உறுதியானதும் மற்றதை அழித்துவிடுங்கள். முதல் நேரத்துக்கு முந்தைய நாள் மதியம் வரை பதில் இல்லையென்றால் அதையும் விடுவித்துவிடலாம்.

லிங்க் அனுப்பும்போது

லிங்க்கை மட்டும் தனியாக ஒட்டி அனுப்பாதீர்கள். அது என்ன, எவ்வளவு நேரம், எதில் பேசப் போகிறோம் என்பது லிங்க்குக்கு முன்னால் வர வேண்டும். லிங்க் பிடிக்காதவருக்கு ஒரு மாற்று வழியும் அதே செய்தியில் இருக்க வேண்டும். அந்த வழியில் வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

> நீங்கள் கேட்ட டிசைன் பற்றி அரை மணி நேரம் கூகுள் மீட்டில் பேசலாம். என்னுடைய காலி நேரங்கள் கீழே உள்ள லிங்க்கில் இருக்கின்றன, உங்கள் ஊர் நேரத்திலேயே தெரியும். லிங்க் வசதிப்படாவிட்டால் உங்களுக்குத் தோதான இரண்டு நேரத்தை எழுதுங்கள், நானே பதிந்துவிடுகிறேன்.

'இதில் புக் செய்யவும்' என்ற ஒற்றை வரியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முன்னது டோக்கன் வாங்கச் சொல்வதுபோல் இருக்கும்.

அனுப்பும் முன் லிங்க்கை உள்பக்கமாகவும் சரிபாருங்கள். கூகுள் காலண்டரில் நாள் முழுவதற்குமாகப் போடும் நிகழ்வு பொதுவாக `Free` என்றே பதிவாகும். 'ஊருக்குப் போகிறேன்' என்று அப்படிக் குறித்திருந்தால் புக்கிங் பக்கம் அந்த நாளைக் காலியாகவே காட்டும். நீங்கள் பஸ்ஸில் இருக்கும்போது அழைப்பு வரும். அதைத் திறந்து `Busy` ஆக்குங்கள். குறைந்தபட்ச முன்னறிவிப்பை 12 மணி நேரமாவது வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மீட்டிங் என்று திடீரென்று வந்து நிற்கும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே 15 நிமிட இடைவெளியும் வையுங்கள். முடித்த கையோடு லிங்க்கை பிரைவேட் விண்டோவில் திறந்து, கிளையன்ட் கண்ணில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். வாரம் முழுக்கக் காலியாகத் தெரிந்தால் காலண்டர் இணைப்பிலோ அந்த `Free` குறியிலோ ஏதோ பிசகு இருக்கிறது.

மூன்று பேருக்கு மேல் சேர வேண்டும் என்றால் இரண்டுமே சரிவராது. லிங்க்கில் முதலில் திறப்பவர் மற்றவர்களைக் கேட்காமல் நேரத்தை எடுத்துவிடுவார். நாலைந்து நேரத்தைப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வையுங்கள், அதிகம் பேருக்கு ஒத்துவருவதை நீங்களே பதியுங்கள்.

இப்போது உங்கள் திருப்பூர்க்காரர். பத்து நாளாகத் திறக்காத லிங்க்கை மறுபடி அனுப்பாதீர்கள், 'லிங்க் பார்த்தீர்களா சார்' என்றும் கேட்காதீர்கள். அது குறை சொல்வதுபோல் விழும். அந்தப் பேச்சையே எடுக்காமல் மேலே உள்ள செய்தியைப் புதிதாக, காலையில் மெஷின் ஓட்டத் தொடங்கும் பரபரப்பு அடங்கிய பிறகு அனுப்புங்கள். அதற்கும் இரண்டு நாள் பதில் இல்லையென்றால் எழுதுவதை விட்டுவிட்டு, 'இப்போது இரண்டு நிமிடம் பேசலாமா சார்?' என்று நேராகப் போன் செய்துவிடுங்கள்.