மாங்காய் போன வழி

வணக்கம் ஐயா. செந்தூலில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். விழாவில் பிள்ளைகள் ஒப்பிக்க, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 100 சொற்களைத் தொகுக்கிறேன். கட்டமரான், கரி, மேங்கோ எழுதிவிட்டேன். ‘கரை’தான் க்ரை, ‘ஒன்று’தான் ஒன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, சேர்க்கலாமா? மேங்கோ மலையாளச் சொல் என்று சக ஆசிரியர் வேறு வம்பு செய்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

வாட்ஸ்அப் சரக்கை இப்போதே அடித்துவிடுங்கள். ‘ஒன்’னுக்கு ஜெர்மனில் ஐன், லத்தீனில் ஊனுஸ் என்று சொந்த உறவுகள் இருக்கின்றன. க்ரை பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனால் உடனே சம்பந்தம் பேசுகிற வியாதி நமக்கு எப்போது தீரும்? அதைப் பிள்ளைகள் வாயில் வேறு திணிக்க வேண்டுமா?

கட்டுமரத்துக்கு வழக்கே இல்லை. சோழமண்டலக் கரையில் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஆங்கிலேயக் கடலோடி டேம்பியர் 1697-இல் அச்சிட்டுவிட்டார். கரியும் அப்படியே.

மாங்காய்தான் விஷயம். சக ஆசிரியரைக் கோபிக்காதீர்கள், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலேயருக்கு இந்தச் சொல் போர்த்துகீசியரிடமிருந்து போனது. அவர்கள் சொன்னது ‘மங்கா’. மலாயிலும் ‘மங்கா’தான், அதனால் மலாக்காவில் கற்றிருப்பார்களோ என்று தோன்றும். ஆனால் மலாக்கா அவர்கள் கைக்குப் போனது 1511-இல். வர்த்தேமா என்ற இத்தாலியர் கோழிக்கோட்டைப் பற்றி எழுதும்போது ‘மங்கா’வைக் குறிப்பிட்ட புத்தகம் 1510-இலேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் மாங்காய்க்கு ‘மாங்ங’ என்பார்கள். கடைசி ‘ய்’ இல்லாத அந்த உச்சரிப்பு ‘மங்கா’வுக்கு இன்னும் நெருக்கம். ‘தமிழ் அல்லது மலையாளம்’ என்று எழுதுங்கள். மாவும் காயும் சேர்ந்த ஒரே சொல்தானே இரண்டும், குடியா முழுகிவிடும்?

பினாங்கில் எங்கள் அண்டை வீட்டு மலாய்ப் பாட்டி ‘மங்கா’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘பெலாம்’ என்பார். ‘மெம்பெலாம்’ என்பதன் சுருக்கம் அது, நம் மாம்பழம். சம்பாலுக்கு இடிக்கிற பச்சைக் காயும் பெலாம், வேலிக்கு மேலே எனக்கு நீட்டுகிற கனிந்த பழமும் பெலாம். “காய்க்கும் பழத்துக்கும் ஒரே பேரா?” என்று அம்மா சிரிப்பார். மலாய் நம்மிடம் காயையும் பழத்தையும் தனித்தனியாக வாங்கியது, பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆங்கிலம் வாங்கியது காயை மட்டும். பழுத்துச் சொட்டினாலும் அவர்களுக்கு அது மாங்காய்தான்.

இங்கிலாந்துக்கு மாங்காய் போனதே பெரும்பாலும் ஊறுகாயாகத்தான், பழம் கப்பலில் தாங்காது. அதனால் 18-ஆம் நூற்றாண்டில் மேங்கோ என்றால் ஊறுகாய் போடுவது என்றே ஒரு வினை அங்கே புழங்கியது. முலாம்பழத்தையும் வெள்ளரிக்காயையும் ‘மேங்கோ’ செய்தார்கள், அமெரிக்காவில் குடைமிளகாயையும். அமெரிக்காவின் ஒஹாயோ பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்குக் குடைமிளகாய்க்கே பெயர் மேங்கோ. பினாங்கு சௌராஸ்தா சந்தையில் ஜெருக் என்ற பழ ஊறுகாய் விற்பவர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். உங்கள் சக ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள்.