இலைக்கு அடியில் வெள்ளையாகத் தெரிவது எந்தப் பூச்சி? – வாசகர் கேள்வி-பதில்

கும்பகோணத்திலிருந்து: மாடித்தோட்டத்து வெண்டை இலையின் அடியில் வெள்ளைப் புள்ளிகள். படம் அனுப்பியிருக்கிறேன். இது வெள்ளை ஈயா?

வெள்ளை ஈதான். சிறகைக் கூரைபோல மடித்து உட்கார்ந்திருப்பது தாய்ப்பூச்சி. பக்கத்தில் தட்டையாக, வெளிர்மஞ்சளாக ஒட்டியிருப்பவை அதன் குஞ்சுகள். அவை இடம் மாறாமல் சாற்றை உறிஞ்சும். சாறு போவதைவிடப் பெரிய கவலை, மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸை இந்த ஈ பரப்புவதுதான். நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்ட செடி தேறாது, பிடுங்கிவிடுங்கள். மற்றச் செடிகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள்.

இனிப் படம் எடுக்கும்போது விடியற்காலையில் எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் இலையைத் திருப்பியதுமே பறந்துவிடும்.

மன்னார்குடியிலிருந்து: தரிசு உளுந்தின் குருத்திலும் பிஞ்சுக் காயிலும் கறுப்பாக மொய்த்திருக்கிறது. நடுவே வெள்ளைத் தூசியும் இருக்கிறது. இரண்டு பூச்சிகளா?

ஒன்றுதான், அசுவினி. படத்தைப் பெரிதாக்கினால் பின்பக்கம் இரண்டு சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அடையாளம். வெள்ளைத் தூசி, அது உரித்துப்போட்ட தோல். குருத்து சுருளும், காய் சரியாகத் திரளாது. கூட்டத்தில் சில உப்பிப்போய், பழுப்பாக, அசையாமல் இருக்கின்றனவா பாருங்கள். ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்ட அசுவினி அவை. அப்படிப் பல தெரிந்தால் மருந்தடிக்க அவசரப்பட வேண்டாம்.

திருவையாற்றிலிருந்து: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தும் போகவில்லை. இப்போது அதே பூச்சி பெரிதாகி ஓடுகிறது. என்ன செய்வது?

சரி, முதலில் கையை நிறுத்துங்கள். உங்கள் படத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். குருத்தின் இடுக்கில் கும்பலாக, மூன்று மில்லிமீட்டர் அளவில், ஓரத்தில் மட்டும் சிறு மெழுகு இழைகளோடு இருப்பது மாவுப்பூச்சி. இது உறிஞ்சும்போது எச்சிலையும் உள்ளே செலுத்தும். குருத்து முடங்கிக் கொத்தாகிப்போவது அதனால்தான். மெழுகுப் பூச்சில் மருந்துக் கரைசல் ஒட்டாமல் வழிந்துவிடுவதால் தெளிப்பும் முழுதாகப் பலிக்காது.

ஓடுகிறதே, அதன் மெழுகு இழைகள் நீளமாக, ஒழுங்கில்லாமல் தொங்கும். உடல் ஒரு சென்டிமீட்டர் வரைக்கும்கூட வளரும். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் வேலை. வேஷம் அப்படியே பொருந்துவதால் பலர் இதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். பார்க்கவே மனசு பதறும். சந்தேகம் வந்தால் பல்குச்சியால் லேசாகத் தொடுங்கள். மாவுப்பூச்சி மெல்ல நகரும், புழு விறுவிறுவென்று ஓடும். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்தாலும் இடம் மாறியிருப்பது தெரியும்.

இந்த வண்டு மாவுப்பூச்சியின் பஞ்சுபோன்ற முட்டைப்பையில்தான் முட்டையிடும். அதனால் எல்லாப் பஞ்சையும் துடைக்காதீர்கள். மோசமாக முடங்கிய ஓரிரு குருத்தை மட்டும் வெட்டி, புழு இல்லை என்று பார்த்தபிறகு எரியுங்கள். அப்புறம் எறும்பு. இனிப்புக் கழிவுக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று வண்டை விரட்டும். தண்டின் அடியில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றினால் எறும்பு ஏறாது.