பன்னெண்டு சீட்டு, மூணு மிஷின், மாடியில ஒரு பொண்ணு

கேள்வி: அக்கா, நான் கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம். பதினஞ்சு வருஷமா வீட்லயே ப்ளவுஸ் தச்சுக் குடுக்கறேன். லீவு நாள்ல தெருவுல இருக்கறவங்களுக்கு க்ளாஸ் எடுக்கலாம்னு ஒரு நோட்டீஸ் எழுதியிருக்கேன். "சனி, ஞாயிறு காலை 10 முதல் 12 வரை. தையல், ஆரி ஒர்க். ஒரே மாதத்தில் ப்ளவுஸ் தைக்கலாம். 12 சீட் மட்டுமே. ஃபீஸ் நேரில் பேசிக்கொள்ளலாம்." தெரிஞ்சவங்ககிட்ட காசு கேக்க கூச்சமா இருக்கு. மூணு கால் மிஷின் இருக்கு, ரெண்டு வராண்டாவுல, ஒண்ணு பொண்ணு ரூம்ல. அவ ப்ளஸ் டூ, க்ளாஸ் நேரத்துல மாடிக்குப் போய் படிச்சுக்குவா. ஹால்ல வீட்டுக்காரர் டிவி பாப்பாரு. நோட்டீஸ்ல என்ன மாத்தினா ஆள் வருவாங்க?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: ஆள் வர்றதா பிரச்சனை? மொத வாரம் பன்னெண்டு பேரும் வருவாங்க, மூணாவது வாரம் அஞ்சு பேர் மிஞ்சுவாங்க, இத நான் எத்தனையோ வீட்ல பாத்துட்டேன். நோட்டீஸ்க்கு அப்புறம் வர்றேன். மொதல்ல அந்த மாடிக்கு வாங்க.

ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு, மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், அவள காலைல பத்து மணி வெயில்ல மாடியில உக்கார வெக்கப் போறீங்க, ஹால்ல உக்காந்து டிவி பாக்கறவர ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க. இத ஒரு பிரச்சனையாவே நீங்க எழுதல பாருங்க, போற போக்குல ஒரு வரி. "படிச்சுக்குவா"ன்னு எவ்ளோ ஈசியா சொல்றீங்க! அவகிட்ட கேட்டீங்களா? நம்ம வீடுகள்ல எடம் பத்தலன்னா மொதல்ல எழுந்து போறது பொம்பளப் புள்ளதான், அதுவும் வாயத் தொறக்காம போகும், அத நாம "நல்ல புள்ள"ன்னு பேர் வெச்சு முடிச்சுடுவோம். எனக்கு இது புடிக்கல, நேராவே சொல்லிடறேன். தெருவுல இருக்கற புள்ளைங்களுக்கு கைத்தொழில் கத்துக் குடுக்க சொந்தப் புள்ள படிப்புல கை வெக்கக் கூடாது.

அதனால அந்த மூணாவது மிஷின் ஹாலுக்கு வருது. கனமா இருக்கும்னு சொல்லாதீங்க. பெல்ட்ட கழட்டிட்டு, பலகையில தலைய புடிச்சிருக்கற ரெண்டு ஸ்க்ரூவையும் லூஸ் பண்ணினா தலை தனியா வந்துடும், அப்புறம் ஸ்டாண்டை ரெண்டு பேர் தூக்கிடலாம், அந்த ரெண்டாவது ஆளு யாருன்னு உங்களுக்கே தெரியும். ஜன்னல் பக்கமா போடுங்க, ஸ்டாண்ட் ஆடுச்சுன்னா ஆடற காலுக்கு அடியில அட்டைய மடிச்சு வெயுங்க. வராண்டா மிஷின் ரெண்டும் அங்கயே இருக்கட்டும், ஹால் தரையில பிரவுன் ஷீட் விரிச்சு கட்டிங் பண்ணிக்கலாம். அவருக்கு ரெண்டு நாள், நாளுக்கு ரெண்டு மணி நேரம் டிவி கெடையாது, அவ்ளோதான.

இப்ப சீட்டு. பன்னெண்டுன்னு எங்கேந்து புடிச்சீங்க? பாய்ல எத்தன பேர் உக்காரலாம்னு எண்ணியிருப்பீங்க. பாய எண்ணாதீங்க, மிஷின எண்ணுங்க. ரெண்டு மணி நேரம்னா 120 நிமிஷம், மூணு மிஷினுக்கு 360 நிமிஷம், பன்னெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 30 நிமிஷம். மாசத்துக்கு எட்டு க்ளாஸ், மொத்தம் நாலு மணி நேரம் மிஷின்ல கால் வெப்பாங்க. அந்த நாலு மணி நேரத்துலயும் பாதி நூல் கோக்கறதுக்கும் பாபின் சுத்தறதுக்குமே போயிடும். இத வெச்சுட்டு "ஒரே மாதத்தில் ப்ளவுஸ்"னு எழுதறீங்க! பதினஞ்சு வருஷமா தைக்கறவங்க நீங்க, பட்டி புடிக்கவும் கை ஏத்தவும் எவ்ளோ நாள் பழகினீங்கன்னு மறந்து போச்சா?

புதுசா வர்றவங்களுக்கு மொத ரெண்டு க்ளாஸ் காலப் பழக்கறதுக்கே சரியா இருக்கும். கால் மிஷின்ல சக்கரம் நம்ம பக்கமாத்தான் சுத்தணும், மிதி தடுமாறி எதிர்ப்பக்கம் சுத்துச்சுன்னா நூல் அறுந்துடும். அதனால மொத நாள் நூலே கோக்காதீங்க. கோடு போட்ட நோட்டுப் பேப்பர ஒண்ணு குடுத்து, கோட்டு மேலயே ஓட்டச் சொல்லுங்க, பழைய ஊசிய போட்டுக்கோங்க, பேப்பர் அடிச்சா ஊசி மழுங்கிடும். முடிச்சதும் பேப்பர வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஓட்டைங்க கோட்டு மேல இருக்கா, பாம்பு மாதிரி நெளிஞ்சு போயிருக்கான்னு தெரிஞ்சுடும். நேரா வர்றவரைக்கும் துணி குடுக்காதீங்க. அப்புறம் காடா துணி. அப்ப எவளாச்சும் "அக்கா, கீழ நூல் குண்டு கட்டுது"ன்னு கூப்புடுவா, உடனே எல்லாரும் பாபினத்தான் நோண்டுவாங்க. பெரும்பாலும் தப்பு மேல இருக்கும், மேல் நூல் டென்ஷன் தட்டுக்கு நடுவுல சரியா உக்காராம இருக்கும், இல்லன்னா ஏறி எறங்கற அந்தக் கொக்கியில கோக்காம விட்டிருப்பாங்க. முழுசா உருவிட்டு, ஃபுட்ட தூக்கி வெச்சுட்டு மறுபடி கோக்கச் சொல்லுங்க, சரியாயிடும். இத ஒவ்வொருத்திக்கும் பக்கத்துல நின்னு காட்டணும், பன்னெண்டு பேருக்கு நீங்க ஒருத்தர் எப்படி ஓடுவீங்க?

அதனால ஆறு சீட்டுதான். மூணு பேர் மிஷின்ல, மூணு பேர் தரையில வட்ட ஃபிரேம் வெச்சுட்டு கை எம்ப்ராய்டரி, ஒரு மணி நேரத்துல மாறிக்கணும். ரன்னிங் ஸ்டிச், செயின், லேசி டேசி, இது மூணும் வந்தா தலகாணி உறையில பூ போட்டுடலாம். ஆளுக்கு மாசத்துக்கு எட்டு மணி நேரம் மிஷின் கெடைக்கும், அதுல நேர் தையல், ஓரம் அடிக்கறது, தலகாணி உறை, முடியற நேரத்துல ஒரு உள்பாவாடை, இது நடக்கற காரியம். ப்ளவுஸ் அதுக்கு மேலதான், பாவாடைய ஒழுங்கா முடிச்சவங்கள மட்டும் அடுத்த மாசம் எடுத்துக்கோங்க.

ஆரி ஒர்க்க இதுல கலக்காதீங்க. அதுக்கு பெரிய ஃபிரேம் போட்டு துணிய தட்டினா சத்தம் வர்ற மாதிரி இழுத்துக் கட்டணும், மேல ஒரு கை ஊசியப் புடிக்க, கீழ ஒரு கை நூல சுத்திக் குடுக்க, மொத வாரம் ஊசிக் கொக்கி துணியில மாட்டி மாட்டி அழ வெச்சுடும், நீங்க பக்கத்துலயே உக்காரணும். மிஷினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல நீங்க ஓடிட்டிருந்தா ரெண்டுமே ஒருத்தருக்கும் வராது. ஃபிரேமுக்கு நாலு பேர்னு அது தனி பேட்ச், தனி ஃபீஸ்.

காசு கேக்க கூச்சம்னீங்க. எனக்கும் இருந்துச்சு, வாங்கிக் கட்டிக்கிட்டேன். தர்மபுரியில மொத மொதல்ல நான் க்ளாஸ் வெச்சப்போ ரெண்டு மிஷின், பத்துப் பேரு, ஃபீஸ் "அப்புறம் பாத்துக்கலாம் விடுங்க"ன்னு பெருந்தன்மையா சொல்லிட்டேன். எதுத்த வீட்டு அம்மா ஒருத்தங்க ரெண்டாவது வாரமே அவங்க ப்ளவுஸ் துணிய கொண்டாந்து "இந்த ஒரு பக்கம் மட்டும் அடிச்சுக் குடும்மா, பாத்துக் கத்துக்கறேன்"னாங்க. நாலாவது வாரம் பாத்தா நாலு ப்ளவுஸ், ரெண்டு ஃப்ராக் நான் தச்சுக் குடுத்திருக்கேன், கத்துக்கிட்டவங்க ஒருத்தர் கூட இல்ல, காசு குடுத்த ரெண்டு பொண்ணுங்க மிஷின் கெடைக்காம நின்னு நின்னு வெறுத்துப் போய் நின்னுட்டாங்க. தப்பு அந்த அம்மா மேல இல்ல, என் மேலதான், "பேசிக்கலாம்"னு சொன்னது நான். அந்த வார்த்தைய படிக்கறவங்க ரெண்டே மாதிரி புரிஞ்சுக்குவாங்க, ஒண்ணு சும்மா சொல்லித் தருவாங்கன்னு, இல்ல ஆளப் பாத்து ரேட்டு சொல்லுவாங்கன்னு.

அதனால தொகைய எழுதுங்க, எல்லாருக்கும் ஒரே தொகை, நாத்தனார் மகளா இருந்தாலும் அதேதான். எவ்ளோன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் ஒரு பேச்சுக்கு 800ன்னு வெச்சு எழுதறேன். ஆறு பேர்னா 4,800, அதுல ஊசி, எண்ணெய், பேப்பர் செலவு போக மீதிய நீங்க அந்த பதினாறு மணி நேரம் தச்சா வர்ற கூலியோட ஒப்பிட்டுப் பாருங்க, கொறஞ்சா ஏத்துங்க. மொத க்ளாஸ்க்கு முன்னாடியே முழுசா வாங்கிடுங்க. சீட்டும் அப்படித்தான், "எனக்கு ஒண்ணு புடிச்சு வெய்யி"ன்னு வாயில சொன்னவங்களுக்கு இல்ல, பணம் கட்டின வரிசைக்கு.

நேரத்தையும் பாத்தா சிரிப்புதான் வருது. ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நம்ம ஊர்ல எந்தப் பொம்பள வீட்டை விட்டு வெளிய வருவா? கறி வாங்கிட்டு வந்திருப்பாங்க, களி கிண்டணும், கொழம்பு கொதிக்கணும். சனிக்கிழமையோ நெறைய பேருக்கு வேலை நாளு, ஓசூர் பக்கம் கம்பெனி பஸ்ஸுல போறவங்க இருக்காங்க, அவங்க இந்த பேட்ச்ல சேர முடியாதுதான், ரெண்டு நாளும் வர முடியறவங்கள மட்டும் எடுங்க. சாப்பாடு முடிச்சு, பாத்திரம் கழுவி வெச்சுட்டு வர்ற நேரம் மத்தியானம் ரெண்டரை. நாலரைக்கு முடிச்சுடுங்க, அதுக்கு மேல போனா வராண்டாவுல வெளிச்சம் கொறையும், கண்ணு இழுக்கும். சனி ஞாயிறுல முகூர்த்தம் வந்தா பாதி பேர் காணாமப் போவாங்க, அதுக்கும் இப்பவே ஒரு வரி.

இந்தாங்க, இப்படி எழுதி ஒட்டுங்க:

"தையல், கை எம்ப்ராய்டரி வகுப்பு. சனி, ஞாயிறு மதியம் 2.30 முதல் 4.30 வரை, மாதம் 8 வகுப்பு. 6 பேர் மட்டும், பணம் கட்டும் வரிசைப்படி. ஃபீஸ் மாதம் ரூ.800, முதல் வகுப்புக்கு முன் முழுவதும் கட்ட வேண்டும், அனைவருக்கும் ஒரே ஃபீஸ். முதல் மாதம்: நேர் தையல், தலையணை உறை, உள்பாவாடை, மூன்று எம்ப்ராய்டரி தையல்கள். காடா துணி, நூல், டேப், கத்திரிக்கோல், வட்ட ஃபிரேம் நீங்கள் கொண்டுவர வேண்டும். வராத நாளுக்குப் பணம் திரும்பக் கிடையாது, முகூர்த்த நாளில் விட்டுப்போனால் ஒரு வகுப்பு வேறு நாளில் எடுக்கப்படும். வீட்டுத் துணி தைத்துத் தரப்படாது."

கடைசி வரிய வெட்கப்பட்டு எடுத்துடாதீங்க, அதுதான் எதுத்த வீட்டு அம்மாவுக்கு.

நோட்டீஸ ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடி அந்த மிஷின தூக்கிடுங்க, இந்த சனிக்கிழமைக்குள்ள. உங்க வீட்டுக்காரர் மூஞ்சிய தூக்கினா மொத மாச ஃபீஸ்ல அவருக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் குடுங்க, ஃபோன்ல பாத்துக்கட்டும். மாடியிலயும் நெட் கெடைக்கும்ல?