512 ஜிபின்னு வாங்குன கார்டு நிஜமாவே 512 தானா?

"அண்ணா, என் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 512 ஜிபி மெமரி கார்டு ஆன்லைன்ல ரொம்ப கம்மி விலைக்கு கிடைச்சுது. முதல் ரெண்டு கேம் நல்லா ஓடுச்சு, அப்புறம் போட்டதெல்லாம் கரப்ட்னு வருது. கார்டு டூப்ளிகேட்டா? அடுத்து என்ன ஸ்பீட் பார்த்து வாங்கணும்?"

தம்பி, நீங்க சொல்றத பார்த்தா டூப்ளிகேட்டா இருக்கத்தான் சான்ஸ் அதிகம். உள்ள 32 ஜிபி மட்டும் வச்சுட்டு, கேட்டா 512னு சொல்ற மாதிரி கார்டோட கன்ட்ரோலர செட் பண்ணிடுவாங்க. அதனால ஃபார்மட் பண்ணாலும் 512 தான் காட்டும், அத நம்பாதீங்க. நிஜ இடம் தீர்ந்தப்புறம் எழுதறது ஒன்னு காணாமப் போயிடும், இல்லன்னா பழைய டேட்டா மேலயே போய் விழும். ஆனா ஃபைல் பேர் லிஸ்ட் கார்டோட ஆரம்பத்துல இருக்கறதால பேரு, சைஸு எல்லாம் சரியா தெரியும், அதான் ஆளு ஏமாந்துடறோம்.

செக் பண்ண நம்பகமான வழி முழுசா எழுதி, எழுதினத திரும்ப படிச்சுப் பாக்கறதுதான். முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துக்கோங்க (கேம் சேவ் ஸ்விட்சோட சொந்த மெமரியில இருக்கு, கவலை வேணாம்), கார்ட ஃபார்மட் பண்ணிட்டு விண்டோஸ்ல H2testwங்கற ப்ரோக்ராம ஓட்டுங்க, லினக்ஸ், மேக்னா F3:

```
f3write /media/card
f3read /media/card
```

கார்டு மவுன்ட் ஆன பாதைய அங்க போட்டுக்கோங்க. ரீடர் ஸ்லோவா இருந்தா பத்து மணி நேரம் கூட ஆகும், நைட்டு போட்டு விட்டுடுங்க. பாதியில நிறுத்தாதீங்க, ஏன்னா எழுதும்போது எந்த எர்ரரும் வராது, படிக்கும்போதுதான் குட்டு உடையும். நல்ல கார்டுன்னா H2testwல "Test finished without errors"னு வரும். 29 ஜிபி பக்கம் OK, மிச்சம் 447 ஜிபி DATA LOSTனு வந்தா அது 32 ஜிபி கார்டு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரீஃபண்ட் கேளுங்க. ரெண்டும் சேர்த்தா 476 தானே வருதுன்னு குழம்பாதீங்க, விண்டோஸ் 1024 கணக்குல எண்றதால ஒரிஜினல் 512 கார்டும் அவ்வளவுதான் காட்டும்.

ஸ்பீடுக்கு வந்தா, கார்டு மேல போட்டிருக்கற U3, V30 குறி ரெண்டுமே நொடிக்கு குறைஞ்சது 30 எம்பி எழுதும்ங்கற கேரண்டி, அது வீடியோ எடுக்கறவங்களுக்காக வந்தது. கேம் லோட் ஆகறது படிக்கற வேகத்தப் பொறுத்தது, அதுவும் அங்கங்க சின்னச் சின்னதா படிக்கறது, அதுக்கு A1 குறி பாருங்க. பழைய ஸ்விட்ச் கார்டோட பேசற வேக முறை UHS-I தான், அதோட உச்சமே நொடிக்கு 104 எம்பி, அதனால கவர்ல 200னு போட்டிருந்தாலும் அந்த வேகம் உங்களுக்கு கிடைக்காது, V90, UHS-II எல்லாம் வீண் காசு. என்னக் கேட்டா U3, A1 போட்ட UHS-I கார்டு தாராளமா போதும். ஸ்விட்ச் 2 வச்சிருந்தா மட்டும் கதையே வேற, அதுல கேம் போட மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு தான் வேணும், சாதா கார்டுல கேம் ஓடாது.

புது கார்டு வந்ததும் கேம் ஏத்தறதுக்கு முன்னாடியே இதே டெஸ்ட்ட ஓட்டிடுங்க, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள.