காலி ஜாம் பாட்டில், தக்காளி டின்: எதில் ஊறுகாய், எதில் மசாலா?

"அக்கா, வந்து சில மாசம்தான் ஆகுது. ஜாம், சாஸ் வந்த கண்ணாடி பாட்டிலும் தக்காளி டின், காபித்தூள் டின்னும் அலமாரி முழுக்கச் சேர்ந்து போச்சு. தூக்கிப் போட மனசு வரல. மசாலாப் பொடி, ஊறுகாய் எல்லாம் இதுல போட்டு வைக்கலாமா, இல்ல உடம்புக்கு ஆகாதா?"

பாட்டிலில் ஊறுகாய் போடலாம், ஆனால் மூடியைப் பார்த்த பிறகுதான். டின்னில் உலர்ந்த சாமான் மட்டும். ஊறுகாயை எந்த டின்னிலும் போடாதீங்க.

கண்ணாடியைப் பற்றிப் பெரிசா கவலை வேண்டாம். உப்பும் புளிப்பும் எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது, வாசனையும் அதில் ஏறாது. கழுவின பிறகும் பாட்டிலில் பழைய சாஸ் வாடை வருதுன்னா, அது பெரும்பாலும் மூடியிலிருந்துதான் வரும். மூடியைத் தூர வைத்துவிட்டுப் பாட்டிலை மட்டும் முகர்ந்து பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். கண்ணாடியில் பார்க்க வேண்டியது வாய் விளிம்பு. விரல் நகத்தை விளிம்பு மேல் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்க. எங்காவது நகம் தட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கு. மூடி சரியாக உட்காராது, அடுத்த தடவை திறக்கும்போது கண்ணாடித் துகள் உள்ளே விழவும் செய்யலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அடிப்பகுதியில் முடி போல் கீறல் ஓடுதான்னும் பாருங்க. இரண்டில் எது இருந்தாலும் அந்த பாட்டில் வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் அல்லாத எதுவும் வந்த பாட்டிலையும் டின்னையும் கணக்கிலேயே சேர்க்காதீங்க, எத்தனை தடவை கழுவினாலும் சரி.

இனி மூடி. திருகி மூடுகிற தகர மூடியைத் திருப்பிப் பாருங்க. உள்பக்கம் வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ ஒரு பூச்சு இருக்கும், ஓரத்தில் ரப்பர் மாதிரி மெத்தென்ற வளையம் இருக்கும். பூச்சுதான் தகரத்தையும் ஊறுகாயையும் பிரித்து வைக்கிறது. கரண்டியால் நெம்பித் திறந்த மூடியிலும், கம்பி நாரால் தேய்த்த மூடியிலும் அதில் கீறல் விழுந்திருக்கும். அந்தக் கீறல் வழியே உப்பும் புளிப்பும் இரும்பைத் தொட்டால் சீக்கிரமே பழுப்புப் புள்ளி வரும். பிறகு பூச்சு உரிந்து ஊறுகாய்க்குள்ளேயே விழும். கீறலோ, சாம்பல் நிறத்தில் தகரம் தெரிவதோ, துளி துருவோ இருந்தால் அந்த மூடி ஊறுகாய்க்கு ஆகாது.

அந்த மெத்தென்ற வளையம் வேறு சங்கதி. அது மென்மையாக இருப்பதற்காகச் சேர்த்திருக்கும் பொருள் எண்ணெயில் கரையக்கூடியது. எண்ணெய் ஊறுகாய் நாள் கணக்கில் வளையத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய்க்குள் இறங்கும். அதனால் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பாதீங்க; மேலே 2 செ.மீ. காலி விடுங்க. பாட்டில் நிமிர்ந்தே இருக்கட்டும், படுக்க வைக்கவோ கவிழ்க்கவோ வேண்டாம். பழைய வாடை பிடித்து வைத்திருப்பதும் இந்த வளையம்தான். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டும் வாடை போகலைன்னா விட்டுவிடுங்க, இனி போகாது. மூடி மட்டும் தனியாக வாங்கலாம். பாட்டில் வாயின் வெளி அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்க. 63, 82 அளவுகள் அதிகம் புழங்குபவை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக் மூடி பொருந்தினால் ஊறுகாய்க்கு இன்னும் நல்லது, அது துருப்பிடிக்கவே பிடிக்காது.

அரை லிட்டர் சாஸ் பாட்டில் ஒன்றில் எலுமிச்சை ஊறுகாய் போடுவதாக வைத்துக்கொள்வோம். லேபிள் பசையை எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தடவி ஊறவிட்டு எடுங்க. சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, பாட்டிலை மட்டும் நிமிர்த்தி, சூடேறாத அவனில் வைத்து அதன் பிறகு 120 டிகிரிக்குத் திருப்புங்க. சூடு ஏறினதும் 20 நிமிஷம். அப்புறம் அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிடுங்க. ஏற்கெனவே சூடான அவனுக்குள் வைத்தாலோ, சுடச்சுட எடுத்து ஈரமான மேடையில் வைத்தாலோ விரிசல் விடும். இது சாதாரணக் கண்ணாடி, திடீர் சூட்டைத் தாங்காது. அவன் இல்லையென்றால் பச்சைத் தண்ணீரில் பாட்டிலை முங்க வைத்து, அடுப்பேற்றி, கொதி வந்தபின் 10 நிமிஷம் விட்டு எடுத்து முழுசாக உலர வையுங்க. மூடியை அவனில் வைக்காதீங்க, வளையம் இளகிவிடும். அதன் மேல் கொதிநீர் ஊற்றித் துடைத்து உலர்த்தினால் போதும்.

ஈரம் தங்கும் இடம் மூடியின் சுருண்ட ஓரமும் பாட்டிலின் மரைப்பள்ளமும். டிஷ்யூ பேப்பரை முறுக்கி அந்த இடுக்கில் ஓட்டிப் பாருங்க. பேப்பர் நனைந்தால் இன்னும் காயலை. ஊறுகாயில் பூஞ்சை பிடிப்பதற்கு இந்த ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். ஆறின ஊறுகாயைப் போட்டு, விளிம்பையும் மரையையும் உலர்ந்த பேப்பரால் துடைத்து, பாட்டில் வாய் மேல் பட்டர் பேப்பர் ஒரு துண்டு வைத்து மூடுங்க. ஒரு வாரம் கழித்து மூடியைத் திருப்பிப் பாருங்க. ஓரத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் அன்றைக்கே மூடியை மாற்றுங்க, காத்திருக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் மனசில் வையுங்க. சூடாக ஊற்றி மூடினால் மூடியின் நடுப்பொட்டு "டக்"கென்று உள்வாங்கும். ஆலையில் மூடின மாதிரியே ஆகிவிட்டது, இனி வெளியிலேயே மாசக்கணக்கில் இருக்கும் என்று அதை வைத்து முடிவு கட்டாதீங்க. உள்ளே காற்று குறைந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சத்தத்துக்கு அர்த்தமில்லை. ஊறுகாயைக் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும்தான். புளிப்பில்லாமல் எண்ணெயில் மட்டும் போட்ட பூண்டைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியே வைத்தால் உயிருக்கே ஆபத்தான நச்சுக் கிருமி வளரலாம். பார்வையிலோ வாசனையிலோ அது தெரியாது. அந்த மாதிரி எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்க. எந்த ஊறுகாயாக இருந்தாலும் மூடி உப்பியிருந்தால் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அப்படியே குப்பையில் போடுங்க.

டின் விஷயத்துக்கு வந்தால், வெட்டித் திறந்த தக்காளி டின் எதற்கும் லாயக்கில்லை. விளிம்பு கையைக் கிழிக்கும், மூட வழியில்லை. திறந்ததும் காற்றுப் படுவதால் புளிப்பான பொருள் உள்ளிருக்கும் உலோகத்தை வேகமாக அரிக்கும். மிச்சமான தக்காளியைக்கூட அதிலேயே ஃபிரிட்ஜில் வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்க. காபித்தூள், பால்பவுடர் வருகிற அழுத்தி மூடும் டின் அப்படியில்லை. மிளகு, சீரகம், மல்லி, மிளகாய்ப்பொடிக்கு அது அருமை. வெளிச்சம் உள்ளே போகாததால் மிளகாய்ப்பொடியின் நிறம் கண்ணாடியில் இருப்பதைவிட அதிக நாள் நிற்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் அடி மடிப்பில் ஈரம் தங்கித் துரு வரும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். காபி வாடை லேசாக இருந்தால் ஒரு கைப்பிடி அரிசி போட்டு இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு அரிசியைக் கொட்டிவிடுங்க. பிஸ்கட் டின்னின் மூடி இறுக்கம் கிடையாது, பொடியைப் பையில் கட்டித்தான் அதில் வைக்கணும். எந்த டின்னானாலும் கொதிக்கிற குழம்புக்கு மேல் பிடித்து நேராகத் தட்டாதீங்க. ஆவி ஏறிப் பொடி கட்டியாகும், மூடியின் உள்ளும் துரு ஆரம்பிக்கும்.