இன்காக்னிட்டோ: கடைக் கணினி, ஆபீஸ் வைஃபை, வீட்டு ரூட்டர்

பிரிக்ஃபீல்ட்ஸ் பிரிண்டிங் கடையில இன்காக்னிட்டோ போட்டு இபிஎஃப் ஸ்டேட்மெண்ட் எடுத்தேன். விண்டோவை மூடிட்டேன். பயமில்லைதானே அண்ணே?

ஹிஸ்டரியும் குக்கீயும் போயிருக்கும், பிடிஎஃப் போகாது. டவுன்லோட் செய்த ஃபைல் Downloads ஃபோல்டரிலேயே கிடக்கும், உங்கள் பெயரும் சேமிப்புத் தொகையும் அதில் இருக்கும். விண்டோவை மூடியதால் பிரௌசரின் டவுன்லோட் பட்டியலில் அது தெரியாது. அதனால்தான் பலர் அழிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இன்றே கடைக்குப் போய் ஃபைலைத் தேர்ந்தெடுத்து Shift+Delete அழுத்துங்கள், ரீசைக்கிள் பின்னிலும் நிற்காது.

இன்னொன்று: பின்னால் வேறொரு இன்காக்னிட்டோ விண்டோ திறந்தே இருந்தால் குக்கீ அழியாது, உங்கள் லாகினும் அப்படியே இருக்கலாம். முதலில் லாக் அவுட், பிறகு எல்லா விண்டோவையும் மூடுங்கள்.

ஆபீஸ் வைஃபையில என் சொந்த ஃபோன்ல வேலை தேடுறேன். https இருக்கிறதால ஐடி ஆளுக்கு எதுவும் தெரியாதுன்னு நண்பன் சொல்றான்.

பாதி சரி. https பக்கத்தின் உள்ளடக்கத்தைக் காக்கும், தளத்தின் பெயரைக் காக்காது. நீங்கள் திறப்பது:

```
https://jobs.example.com/apply?post=12
```

நெட்வொர்க் பக்கம் பெரும்பாலும் தெரிவது:

```
jobs.example.com
```

கூடவே நேரமும் டேட்டா அளவும். தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடும் டிஎன்எஸ் கேள்வியிலும் இணைப்பின் முதல் செய்தியிலும் அந்தப் பெயர் பொதுவாகத் திறந்தபடியே போகிறது. இன்காக்னிட்டோ வேலை செய்வது ஃபோனுக்குள் மட்டும். நெட்வொர்க்கில் போவதை அது தொடுவதே இல்லை. ஆபீஸ் லேப்டாப் என்றால் நிலைமை மோசம்: https-ஐப் பிரித்துப் பார்க்க உதவும் தன் சான்றிதழை கம்பெனி அதில் போட்டிருந்தால் முழு முகவரியையும் படிக்க முடியும். வேலை தேட மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். அப்போது அதே பெயரை டெல்கோ பார்க்கும், முதலாளி பார்க்கமாட்டார்.

அப்போ என் மகன் இன்காக்னிட்டோல பார்க்கிறதை ரூட்டர்ல பிடிக்கலாமா தம்பி? பட்டர்வொர்த்துல இருக்கோம்.

ரூட்டரில் லாக் வசதி இருந்தால் தளப் பெயர்கள் கிடைக்கலாம் அக்கா, எந்த வீடியோ என்பது கிடைக்காது. உங்கள் ரூட்டரில் அந்த வசதி உண்டா என்று மாடல் தெரியாமல் சொல்ல முடியாது. சின்னப் பையன் என்றால் கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் Family Link நேரான வழி, அந்தக் கணக்கில் குரோமில் இன்காக்னிட்டோவே திறக்காது.

இன்காக்னிட்டோல ஃப்ரிட்ஜ் தேடினேன், லாகின் பண்ணலை. மறுநாள் சாதாரண விண்டோவில ஃப்ரிட்ஜ் விளம்பரம்!

அதே இன்காக்னிட்டோவில் வேறு டேப் திறந்திருந்ததா?

ஜிமெயில் மட்டும்தான்.

அதுவே லாகின். இன்காக்னிட்டோ டேப்கள் எல்லாம் ஒரே குக்கீயைப் பகிரும், தேடல் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கலாம். myactivity.google.com போய்ப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஐபி முகவரி வழியாக வந்திருக்கலாம். வீட்டில் வேறு யாராவது அதே வைஃபையில் ஃப்ரிட்ஜ் தேடினார்களா என்றும் கேளுங்கள்.