எக்செல் கேள்வி-பதில்: ஃபில்டர் போட்ட பிறகு கூட்டல்

ஃபில்டர் போட்டும் மொத்தம் மாறவில்லையே? (மாட்டுங்கா வாசகர்)

`SUM` மறைந்திருப்பதையும் சேர்த்தே கூட்டும். `SUBTOTAL` போடுங்கள்.

அதில் 9 போடுவதா, 109 போடுவதா? எங்கள் ஆடிட்டர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார். (செம்பூர், ஹவுசிங் சொசைட்டி கணக்கு பார்ப்பவர்)

ஒன்றில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லியே பல கணக்குகள் கெட்டிருக்கின்றன. உங்கள் சொசைட்டியில் 40 வீடு, வீட்டுக்கு 3,000 ரூபாய் பராமரிப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,20,000.

```
=SUBTOTAL(9,B5:B44)
=SUBTOTAL(109,B5:B44)
```

பாக்கி வைத்த 6 வீடு மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டால் இரண்டுமே 18,000 காட்டும். இதைப் பார்த்துத்தான் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். இப்போது ஃபில்டரை எடுத்துவிட்டு, பூட்டிக் கிடக்கும் 2 வீட்டின் வரிசைகளை வலது கிளிக் செய்து Hide கொடுங்கள். 109 சரியாக 1,14,000 சொல்லும். 9 அப்போதும் 1,20,000-இலேயே நிற்கும். ஃபில்டர் மறைத்ததை மட்டுமே அது விடும், நீங்கள் கையால் மறைத்ததை விடாது.

யாரோ அனுப்பிய ஃபைலை வாங்கினால் முதலில் இடது ஓரத்து வரிசை எண்களைப் பாருங்கள். நீலமாக இருந்தால் ஃபில்டர் ஓடுகிறது. கறுப்பாகவே இருந்து 11-க்கு அடுத்து 14 வந்தால் யாரோ கையால் மறைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் கூட்டுத்தொகையை மீட்டிங்கில் படிக்காதீர்கள். கையால் மறைக்கும் பழக்கத்தையே விடுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது! 'பூட்டியது' என்று பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு ஃபில்டர் செய்தால், ஏன் மறைந்தது என்பது அடுத்தவருக்கும் தெரியும்.

நெடுவரிசைகளை மறைத்தால் 109 விட்டுவிடுமா? (சயான்)

விடாது. வரிசைகளுக்கு மட்டும்தான்.

எரர் வருகிறது, சரிசெய்து தாருங்கள். (தாராவி, தோல் பை வியாபாரம்)

என்ன எரர் என்று எழுத வேண்டாமா? விலைப் பட்டியலில் `VLOOKUP` தேடிக் கிடைக்காமல் `#N/A` வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அப்படி ஒன்று இருந்தாலே `SUBTOTAL` மொத்தத்துக்குப் பதிலாக எரரையே காட்டும். எக்செல் 2010 முதல் இது உண்டு:

```
=AGGREGATE(9,7,D5:D300)
```

இதில் 9 கூட்டலுக்கு. 7 என்றால் மறைந்த வரிசையையும் எரரையும் விட்டுவிடு என்று பொருள். ஆனால் விலை கிடைக்காத பை மொத்தத்தில் சேராது. அப்புறம் பணம் குறைகிறது என்று எழுதாதீர்கள், முதலில் விடுபட்ட விலையைப் போடுங்கள்.

ஃபில்டர் போட்டதும் மொத்த வரிசையே காணாமல் போகிறது. (முலுண்ட்)

பட்டியலின் அடியில் ஒட்டி வைத்திருப்பீர்கள், அதையும் ஃபில்டர் விழுங்கிவிடும். தலைப்பு வரிசைக்கு மேலே கொண்டுபோய், நடுவில் ஒரு வெற்று வரிசை விட்டு வையுங்கள்.